லாஜிஸ்டிக் வளைவு: எண்ணிக்கை வேறு, வேகம் வேறு

ஓர் இனக்கூட்டத்தின் எண்ணிக்கை காலப்போக்கில் எப்படி ஏறி நிலைக்கிறது என்பதைக் காட்டும் எஸ் வடிவ லாஜிஸ்டிக் வளைவைத் தேர்வில் வரையச் சொன்னால் பெரும்பாலானவர்கள் சரியாக வரைந்துவிடுகிறார்கள். "இனக்கூட்டம் எப்போது மிக வேகமாக வளர்கிறது?" என்று கேட்டால்தான் தடுமாற்றம். பலர் வளைவின் உச்சியைக் காட்டுகிறார்கள். அங்கே எண்ணிக்கைதான் அதிகம், வளர்ச்சி கிட்டத்தட்ட நின்றுவிட்டது. இந்தக் குழப்பம் தீர ஒரு கணக்கைக் கடைசிவரை போட்டுப் பார்ப்பதே நல்ல வழி.

படி 1: சமன்பாட்டை எழுதுங்கள்

```
dN/dt = rN × (K − N)/K
```

N என்பது இப்போதைய எண்ணிக்கை. K என்பது தாங்குதிறன், அதாவது அந்தச் சூழல் தொடர்ந்து தாங்கக்கூடிய எண்ணிக்கை. r என்பது தடை எதுவும் இல்லாதபோது ஓர் உயிரி தன் பங்காகச் சேர்க்கும் வளர்ச்சி, அதாவது பிறப்பு வீதத்தில் இறப்பு வீதத்தைக் கழித்தது. இடப்பக்கம் இருக்கும் dN/dt தான் வேகம்.

வலப்பக்கத்தை இரண்டு துண்டாகப் பாருங்கள். rN என்பது "எத்தனை பேர் பெருகுகிறார்கள்" என்பதைச் சொல்கிறது. (K − N)/K என்பது "இன்னும் எவ்வளவு இடம் மிச்சம்" என்பதைச் சொல்கிறது. முதல் துண்டு ஏற ஏற இரண்டாவது இறங்குகிறது. வளைவின் வடிவம் முழுக்க இந்த இழுபறியிலிருந்து வருவதுதான்.

படி 2: எண்களைப் போடுங்கள்

ஒரு கண்ணாடிக் குடுவையில் பாரமீசியம் வளர்க்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். K = 400, r = நாளுக்கு 0.5.

```
N = 40    0.5 × 40 × 0.9    =  18
N = 200   0.5 × 200 × 0.5   =  50
N = 360   0.5 × 360 × 0.1   =  18
N = 400   0.5 × 400 × 0     =   0
N = 480   0.5 × 480 × −0.2  = −48
```

40லும் 360லும் வேகம் ஒன்றுதான், நாளுக்கு 18. ஆனால் காரணம் நேரெதிர். 40 இருக்கும்போது இடம் ஏராளம், பெருகுவதற்குத்தான் ஆள் இல்லை. 360 இருக்கும்போது ஆள் நிறைய, இடம் இல்லை. ஆகவே, தொடக்கத்தில் வளைவு மெதுவாக ஏறுவதற்கு, இடமும் உணவும் குறைவதால் வரும் சூழல் எதிர்ப்பைக் காரணமாக எழுதாதீர்கள். அங்கே எதிர்ப்பு மிகக் குறைவு.

படி 3: K/2 ஐக் கண்டுபிடியுங்கள்

வேகம் உச்சத்தைத் தொடுவது N = K/2 என்னும் இடத்தில், இங்கே 200. வளைவில் அதுதான் மிகச் செங்குத்தான புள்ளி. மேல்நோக்கி வளைந்துகொண்டிருந்த கோடு அங்கிருந்துதான் படுக்கத் தொடங்குகிறது.

கேள்வியில் வரைபடம் கொடுத்திருந்தால் முதலில் அச்சுகளைப் படியுங்கள். கிடை அச்சில் காலமும் செங்குத்து அச்சில் N உம் இருந்தால் எஸ் வடிவம் வரும், தட்டையாகும் உயரம்தான் K. கிடை அச்சில் N உம் செங்குத்து அச்சில் dN/dt உம் இருந்தால் கவிழ்த்த கிண்ணம் போன்ற வடிவம் வரும். அதில் K என்பது உச்சி அல்ல, கோடு மறுபடி சுழியத்தைத் தொடும் வலது முனை. அச்சைப் பார்க்காமல் உச்சியை K என்று எழுதியவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், "ஒரு தனி உயிரிக்கான வளர்ச்சி வீதம்" என்று கேட்டால் வேகத்தை N ஆல் வகுக்க வேண்டும். 18/40 = 0.45, 50/200 = 0.25, 18/360 = 0.05. இதற்கு நடுவில் உச்சி கிடையாது, தொடக்கத்திலிருந்தே இறங்கிக்கொண்டே போகும்.

படி 4: K ஐத் தொட்டபின் என்ன எழுதுவது?

வேகம் 0 என்றால் பிறப்பு நின்றுவிட்டது என்று பொருள் அல்ல. பிறப்பும் இறப்பும் சமமாகிவிட்டன, அவ்வளவுதான். K ஐத் தாண்டினால் விடை எதிர்மறையாக வரும். 480இல் வந்த −48க்குப் பொருள், இறப்பு பிறப்பை மிஞ்சிவிட்டது என்பது.

லாஜிஸ்டிக் மாதிரி எங்கே பொய்க்கும்?

இது பெரிய மதிப்பெண் கேள்வியாக வரக்கூடியது, ஒரு நிகழ்வோடு எழுதினால் விடை வலுப்பெறும். அலாஸ்காவைச் சேர்ந்த செயின்ட் மேத்யூ தீவில் 1944இல் 29 கலைமான்களைக் கொண்டுபோய் விட்டார்கள். வேட்டையாடும் விலங்கு அங்கே இல்லை. 1963இல் சுமார் 6,000 ஆகப் பெருகின. 1966இல் எண்ணியபோது 42 தான் மிஞ்சியிருந்தன.

நம் சமன்பாட்டின்படி K ஐ நெருங்கும்போதே வேகம் குறைந்திருக்க வேண்டும். ஏனென்றால், நெருக்கடியின் விளைவு உடனுக்குடன் தெரியும் என்றும், K மாறவே மாறாது என்றும் அது எடுத்துக்கொள்கிறது. தீவில் இரண்டுமே நடக்கவில்லை. மான்கள் குளிர்காலத்தில் நம்பியிருந்தது தரையில் படர்ந்து வளரும் லைக்கன்களை. அவை மிக மெதுவாக வளர்பவை. பல ஆண்டுகளாகச் சேர்ந்திருந்த இருப்பைத் தின்றபடி மந்தை தாங்குதிறனைத் தாண்டிப் பெருகியது, தின்று தீர்த்ததில் K உம் சரிந்தது. 1963–64இன் கடுங்குளிர் வந்தபோது பெரும்பாலானவை மடிந்தன.