ஒருக்களித்துப் படுப்பவர்கள் இயர்பட் வைத்துத் தூங்கலாமா? சத்தத்தைக் காதிலிருந்து ஜன்னலுக்கு மாற்றும் முறை

மும்பை சயானில் எங்கள் வீடு ஒன் ரூம் கிச்சன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் சென்ட்ரல் லைன் தண்டவாளம். தம்பிக்கு நைட் ஷிஃப்ட். காலை ஏழரைக்கு வந்து எட்டு மணிக்குப் படுப்பான். அந்த நேரத்தில்தான் லோக்கல் மூன்று நிமிடத்துக்கு ஒன்று போகும், அம்மா குக்கர் வைப்பார், எதிர் வீட்டில் டிவி ஓடும். அவன் கண்டுபிடித்த வழி, இரண்டு காதிலும் ரப்பர் முனை வைத்த இயர்பட், அதில் மழைச் சத்தம், வலது பக்கம் ஒருக்களித்துத் தூக்கம். ஆறேழு மாதம் சரியாகத்தான் போனது. ஜூலையில் வலது காது அரிக்க ஆரம்பித்தது. அப்புறம் அடைத்தது, அப்புறம் வலித்தது.

அந்தக் காதை வைத்து நாங்கள் கற்றுக்கொண்டதையும், இப்போது இயர்பட் இல்லாமல் அவன் தூங்கும் முறையையும் படிப்படியாக எழுதுகிறேன்.

முதல் படி: வலி எங்கே என்று பாருங்கள்

இயர்பட் வைத்துத் தூங்குவதால் வரும் வலி எல்லாம் ஒரே வலி இல்லை. காலையில் எழுந்ததும் இரண்டு இடங்களைத் தொட்டுப் பாருங்கள்.

ஒன்று, காது மடல். மடலுக்குள் இருப்பது குருத்தெலும்பு. அதற்கென்று தனி ரத்தக் குழாய் கிடையாது. மேலே போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்விலிருந்துதான் அதற்கு ஊட்டம் போகிறது. தலையின் பாரம் முழுக்க ஒரு பக்கம் இறங்கி, நடுவில் கெட்டியான பிளாஸ்டிக்கும் இருந்தால், அந்த ஊட்டம் மணிக்கணக்கில் தடைபடும். முதலில் வெறும் சிவப்பும் வலியும்தான். எப்போதும் ஒரே பக்கம் படுப்பவர்களுக்கு, இயர்பட் இல்லாமலேயேகூட, மடலின் மேல் விளிம்பில் மிளகு அளவு கெட்டியான சிறு முடிச்சு வந்துவிடும். தொட்டால் சுரீரென்று வலிக்கும். அதற்கு முதல் மருந்தே அழுத்தத்தை எடுப்பதுதான். முடிச்சு வந்துவிட்டால் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். மடலில் ஆறாமல் நிற்கும் எதையும் நாமே பெயர் வைத்து விட்டுவிடக் கூடாது.

இரண்டாவது இடம் காதுத் துளை. துளைக்கு முன்னால், கன்னத்தை ஒட்டி ஒரு சிறு மேடு இருக்கும். அதை விரலால் உள்ளே அழுத்துங்கள். பிறகு மடலை மெல்ல இழுங்கள். இதில் வலித்தால் பிரச்சினை பெரும்பாலும் துளைக்குள் இருக்கும் தோலில். தம்பிக்கு இங்கேதான் வலித்தது.

ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மும்பை மழைக்காலத்துக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. காதுத் துளை சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள, ஒரு முனை மூடிய குழாய். உள் தோல் மெதுவாக வெளிப்பக்கம் நகர்ந்துகொண்டே இருக்கும். குறும்பியும் அதோடு வெளியே வந்துவிடும். ரப்பர் முனை தினமும் ஏழு மணி நேரம் வாசலை அடைத்தால் குறும்பி வெளியேற வழியில்லை, ஈரமும் உலர வழியில்லை. காற்றே ஈரமாக இருக்கும் ஜூலையில் குளித்துவிட்டு வந்து, காது உலரும் முன் இயர்பட்டைச் செருகினால், உள்ளே வெதுவெதுப்பும் ஈரமும் சேர்ந்து பூஞ்சைக்கு நல்ல இடமாகிவிடும். தம்பி செய்தது அதைத்தான். அரிப்புக்கு வீட்டு வைத்தியமாகத் தேங்காய் எண்ணெயைக் காய்ச்சி ஊற்றியதில் அடைப்பு இன்னும் கூடியது. எண்ணெயை விட்டது நான்தான், அதனால் அழுத்திச் சொல்கிறேன்: அரிக்கும் காதில் எண்ணெய் வேண்டாம், பஞ்சுக்குச்சியும் வேண்டாம்.

காது மூக்கு தொண்டை மருத்துவர் உள்ளே உறிஞ்சிச் சுத்தம் செய்து, பூஞ்சைக்குச் சொட்டு மருந்து கொடுத்தார். ஆறும் வரை காதுக்குள் தண்ணீரும் போகக் கூடாது, எதையும் செருகவும் கூடாது என்றார்.

காதில் சீழ், காய்ச்சல், திடீரென்று கேட்கும் திறன் குறைவது, காதைச் சுற்றி வீக்கம், இதில் எது இருந்தாலும் கீழே உள்ளதைச் செய்து பார்க்காமல் நேராக மருத்துவரிடம் போங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் காது வலியை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. அவர்களுக்கு இந்தத் தொற்று எலும்பு வரை இறங்கும் ஆபத்து உண்டு.

இரண்டாம் படி: மடலுக்கு ஒரு பள்ளம்

காதுக்குள் எதுவும் இல்லாவிட்டாலும் மடலின் மேல் பாரம் இருக்கத்தான் செய்யும். நடுவில் ஓட்டை உள்ள தலையணை கடையில் கிடைக்கிறது. வாங்க வேண்டியதில்லை. ஒரு குளியல் துண்டை நீளவாக்கில் முறுக்கி, குடம் சுமக்க வைக்கும் சும்மாடு மாதிரி வளையமாகச் சுற்றுங்கள். நடுப்பள்ளம் உள்ளங்கை அகலம் இருக்கட்டும். தலையணைமேல் வைத்து, பள்ளத்துக்குள் காது வருகிற மாதிரி படுங்கள். பாரம் கன்னத்திலும் காதுக்குப் பின்னால் உள்ள எலும்பிலும் இறங்க வேண்டும். மடலுக்கும் தலையணைக்கும் நடுவில் ஒரு விரல் போனால் சரியாக வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். கழுத்து வலித்தால் சும்மாடு உயரம் அதிகம்; கீழே உள்ள தலையணையை மெல்லியதாக மாற்றுங்கள்.

மூன்றாம் படி: சத்தத்தை ஜன்னலில் வையுங்கள்

பலரும் தவறவிடுவது இதைத்தான். நம்மை எழுப்புவது பெரும்பாலும் சத்தத்தின் அளவு மட்டும் இல்லை. அமைதிக்கு நடுவில் அது திடீரென்று எழுவது. அறையில் ஏற்கெனவே சீரான இரைச்சல் ஒன்று ஓடிக்கொண்டிருந்தால் குக்கர் விசிலுக்கும் அதற்கும் உள்ள இடைவெளி குறைந்துவிடும். அதற்குக் காதுக்குள் எதையும் செருக வேண்டாம்.

எங்கள் வீட்டில் செய்தது இது. பழைய டேபிள் ஃபேனை ஜன்னல் ஓரம், சுவரைப் பார்த்தபடி வைத்தோம். காற்று தேவையில்லை, இரைச்சல்தான் தேவை. ஃபேன் தலைமாட்டில் இருக்கக் கூடாது. வெளிச் சத்தம் வரும் வழிக்கும் உங்களுக்கும் நடுவில் இருந்தால்தான், குறைந்த இரைச்சலிலேயே வேலை நடக்கும். அது போதாததால் ஒரு சிறு புளூடூத் ஸ்பீக்கரையும் அதே ஓரத்தில் வைத்து, சீரான மழை இரைச்சலை ஓட விட்டோம். ஐபோன் இருந்தால் தனி ஆப் வேண்டாம். `Settings → Accessibility → Audio & Visual → Background Sounds` என்ற இடத்திலேயே இரைச்சல்கள் இருக்கின்றன. இடி இடிக்கும் மழை, குருவி கத்தும் காடு வேண்டாம். ஏற்ற இறக்கம் உள்ள எதுவும் தானே எழுப்பிவிடும்.

அளவு வைப்பது இப்படி: ஒலியைப் பூஜ்யத்தில் வைத்துப் படுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து அறையில் ஒருவரைச் சாதாரணமாகப் பேசச் சொல்லுங்கள். மெல்ல ஒலியைக் கூட்டுங்கள். குரல் கேட்கிறது, ஆனால் வார்த்தை பிடிபடவில்லை என்ற இடத்தில் நிறுத்துங்கள். முழுக்க மறையும் வரை ஏற்ற வேண்டாம். தலையணையில் படுத்தபடி பக்கத்தில் இருப்பவரிடம் பேச நீங்கள் குரலை உயர்த்த வேண்டியிருந்தால் அது அதிகம். அறையில் கைக்குழந்தை இருந்தால் ஸ்பீக்கர் தொட்டிலிலிருந்து குறைந்தது இரண்டு மீட்டர் தள்ளி இருக்க வேண்டும்.

இதோடு ஜன்னலையும் பாருங்கள். ஸ்லைடிங் ஜன்னலின் இரண்டு கதவும் சேரும் இடத்தில் ஒரு இடுக்கு இருக்கும். மெல்லிய இடுக்கு வழியாகக்கூட நிறையச் சத்தம் வரும். ஹார்டுவேர் கடையில் ஒட்டும் ஸ்பாஞ்ச் பட்டை வாங்கி அதை அடைத்தோம். ரயிலின் கிறீச்சிடல் நன்றாகவே குறைந்தது. கனமான திரைச்சீலை அந்த அளவுக்கு உதவவில்லை.

இதற்கும் எல்லை உண்டு. கூர்மையான சத்தம் நன்றாக மறையும், அடித்தொனி மறையாது. கணபதி ஊர்வலத்தின் டோல் தாஷா மேளத்தைச் சின்ன ஸ்பீக்கரால் மறைக்க முடியாது, ஏனென்றால் அந்த அடித்தொனியை அதனால் உண்டாக்கவே முடியாது.

நான்காம் படி: அந்த மாதிரி இரவுகளுக்கு மட்டும் ஃபோம் தக்கை

மருந்துக் கடையில் கிடைக்கும் மென்மையான ஃபோம் தக்கையைச் சுத்தமான, உலர்ந்த விரல்களால் மெல்லிய குச்சி மாதிரி உருட்டுங்கள். மறு கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் மடலை மேலும் பின்னும் இழுத்தால் வளைந்த துளை நேராகும். தக்கையை உள்ளே விட்டு, விரிந்து நிறையும் வரை அரை நிமிடம் பிடித்திருங்கள். பேசிப் பாருங்கள், உங்கள் குரலே பானைக்குள் பேசுவது போலக் கேட்டால் சரியாக உட்கார்ந்துவிட்டது. வெளியே துருத்திக்கொண்டிருந்தால் தலையணை அதை உள்ளே தள்ளும், அப்படி வைக்காதீர்கள். எடுக்கும்போது மெல்லத் திருகியபடி எடுங்கள். வெடுக்கென்று இழுத்தால் செவிப்பறையில் உறிஞ்சல் விழும். அழுக்கானதைத் தூக்கிப்போடுங்கள். செவிப்பறையில் ஓட்டையோ சீழோ இருந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொட வேண்டாம்.

இயர்பட்தான் வேண்டும் என்றால்

சிலருக்கு ஏதாவது பேச்சைக் கேட்டால்தான் தூக்கம் வரும். அவர்கள் மேலே இருக்கும் காதில் மட்டும் ஒன்றை வைத்து, அரை மணி நேரத்தில் நிற்கும்படி டைமர் போடுங்கள். தூக்கம் வந்ததும் புரண்டு படுப்போம், அது அடியில் போகும் என்பதும் உண்மை. அதனால் இதைவிட, துணிப் பட்டைக்குள் தட்டையான ஸ்பீக்கர் வைத்த ஹெட்பேண்ட் நல்லது, துளை திறந்திருக்கும். தடிமன் குறைவானதாகப் பாருங்கள், ஸ்பீக்கர் மடலின் விளிம்பில் இல்லாமல் துளைக்கு நேராக வரும்படி நகர்த்துங்கள், பட்டையை வாரம் ஒருமுறை துவையுங்கள். அதுவும் இறுக்கினால் தலையணைக்கு அடியில் வைக்கும் தட்டை ஸ்பீக்கர் இருக்கிறது.

ஒலியளவுக்கு ஒரு கணக்கு. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல். தம்பி தினமும் ஏழு மணி நேரம் என்றால் வாரத்துக்கு 49. ஒலி அந்த அளவில் இருந்தால் தூக்கத்தில் மட்டுமே நேரம் தீர்ந்துவிடும். அதுவும் ஒலி மூன்று டெசிபல் கூடினால் நேரத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும். ரயில் சத்தத்தை அமுக்க நாம் ஒலியை ஏற்றும்போது அந்த மூன்று டெசிபல் சுலபமாகத் தாண்டிவிடும், தூக்கத்தில் அதைக் குறைக்க யாரும் இல்லை. ஒயர் இயர்போனைக் கழுத்தைச் சுற்ற விட்டுத் தூங்க வேண்டாம். சார்ஜில் இருக்கும் போனோடு இணைத்துக் காதில் வைக்கவே வேண்டாம்.

தம்பிக்குக் காது ஆற மூன்று வாரம் ஆனது. ஃபேனும் ஸ்பீக்கரும் வைத்த முதல் நான்கைந்து நாள் தூக்கம் அரைகுறைதான், இயர்பட்டுக்குக் கை போய்க்கொண்டே இருந்தது. இரண்டாவது வாரத்தில் ரயிலுக்கு எழுவது நின்றது, ஆனால் குக்கருக்கு எழுந்தான். அம்மா இப்போது பருப்பை அவன் வரும் முன் ஏழு மணிக்கே வேக வைத்துவிடுகிறார். அலாரம் இரைச்சலில் காதில் விழாமல் போனதால் கையில் அதிரும் வாட்ச் கட்டிக்கொள்கிறான். பகலில் அவன் மட்டும் தனியாக இருக்கும் நாட்களில் ஒலியை இன்னும் ஒரு படி குறைத்துவிடுவோம், கேஸ்காரர் தட்டினாலும் கேட்க வேண்டும், பக்கத்து வீட்டில் யாராவது கூப்பிட்டாலும் கேட்க வேண்டும்.