முன்னுரையில் நைட்டிங்கேல் எதற்கு? நர்சிங் முதலாண்டுக் கட்டுரைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"படுக்கைப்புண்ணைத் தடுப்பதில் செவிலியரின் பங்கை ஆராய்க. 1500 சொற்கள்." இப்படி ஓர் அசைன்மென்ட் வந்ததும் பலர் எழுதும் முதல் வரி, உடலிலேயே பெரிய உறுப்பு தோல் என்பது. இல்லாவிட்டால் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் கையில் விளக்கோடு வந்துவிடுவார். தகவலில் பிழை இல்லை, ஆனால் கேள்வி அதைக் கேட்கவில்லை. இந்த நீளக் கட்டுரைக்கு முன்னுரை சுமார் 150 சொற்கள் இருந்தால் போதும். அதில் பாதியைப் பொது அறிவே தின்றுவிட்டால், சொல்லவேண்டியதைச் சொல்ல இடம் இருக்காது.

பிரச்சினை நடக்கும் இடத்திலேயே தொடங்கலாம். தானாகப் புரண்டு படுக்க முடியாத நோயாளிக்கு, எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் தோலும் சதையும் நசுங்கி, ரத்த ஓட்டம் குறைந்து புண் வருகிறது. இதை இரண்டு வரியில் சொல்லிவிட்டு, யாரைப் பற்றி எழுதுகிறீர்கள் என்று எல்லை போடுங்கள்: பொது வார்டில் படுத்த படுக்கையாக இருக்கும் முதியவர்கள் மட்டும், பச்சிளம் குழந்தைகள் இதில் இல்லை, என்பதுபோல. அதற்கடுத்து வரவேண்டியது மையக் கருத்து. பெரும்பாலான கட்டுரைகள் சறுக்குவது இங்கேதான்.

"இக்கட்டுரையில் படுக்கைப்புண்ணும் அதைத் தடுக்கும் முறைகளும் விவரிக்கப்படும்" என்பது வெறும் அறிவிப்பு. "படுக்கைப்புண்ணைத் தடுப்பதில் செவிலியருக்கு முக்கியப் பங்கு உண்டு" என்பது இன்னும் மோசம், ஏனென்றால் அதை மறுக்க ஆளே கிடையாது. விவரம் தெரிந்த ஒருவர் "நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்" என்று சொல்ல இடம் இருந்தால்தான் அது மையக் கருத்து. இதைப் பாருங்கள்: "எல்லோரையும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டுவது என்ற பொது விதியைவிட, சேர்க்கும்போதே ஆபத்தை மதிப்பிட்டு, அதற்கேற்பப் புரட்டும் இடைவெளியையும் மெத்தையையும் முடிவு செய்வதே சிறந்தது." வார்டில் பல வருடம் வேலை பார்த்த சிஸ்டர் ஒருவர் இதை எதிர்த்து வாதாடலாம். ஆபத்து மதிப்பீடு, இடைவெளி, மெத்தை என்று பத்திகளின் வரிசையும் இந்த ஒரு வாக்கியத்திலேயே கிடைத்துவிடுகிறது.

அப்புறம் பத்திகள். நர்சிங் மாணவர்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. வார்டில் நோட்ஸ் எழுதும்போது, பார்த்ததையும் செய்ததையும் மட்டும் சுருக்கமாக எழுது, உன் கருத்தைச் சேர்க்காதே என்று பழக்குகிறார்கள். அந்தக் கை கட்டுரையில் இப்படி எழுதும்: "படுக்கைப்புண் ஆபத்தை மதிப்பிடும் பிரேடன் அளவுகோலில் ஆறு கூறுகள் உள்ளன. மதிப்பெண் 6 முதல் 23 வரை. குறைந்தால் ஆபத்து அதிகம். தோலை ஈரமில்லாமல் வைக்க வேண்டும். புரதம் தர வேண்டும்." எல்லாம் சரிதான். ஆனால் மூன்று பத்திகளுக்கான விஷயம் ஒரே இடத்தில் குவிந்திருக்கிறது. அதனால் என்ன என்று எங்கும் சொல்லவில்லை. நோட்ஸில் விடச் சொன்ன அந்த விளக்கத்துக்குத்தான் கட்டுரையில் மதிப்பெண்.

இடைவெளி பற்றிய பத்தியை எப்படிக் கட்டலாம்? முதல் வாக்கியம் உங்கள் வாதமாக இருக்கட்டும்: "புரட்டும் இடைவெளி எல்லா நோயாளிக்கும் ஒன்றாக இருக்கத் தேவையில்லை." "இன்னார் (2013) கூற்றுப்படி" என்று ஆய்வாளர் பெயரோடு பத்தியைத் தொடங்கினால், அந்த ஆய்வு எதற்கு வந்தது என்றே வாசிப்பவருக்குப் புரியாது. வாதத்துக்குப் பிறகு ஆதாரம்: அமெரிக்கா, கனடா முதியோர் இல்லங்களில் நடந்து 2013-இல் வெளியான ஆய்வு ஒன்றில், 2, 3, 4 மணி நேர இடைவெளிகளில் புரட்டப்பட்டவர்களிடையே புண் வருவதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை.

பலர் இதோடு பத்தியை முடித்துவிடுகிறார்கள். இன்னும் இரண்டு மூன்று வாக்கியம் பாக்கி இருக்கிறது. அந்த ஆய்வில் இருந்தவர்கள் அடர்த்தியான ஃபோம் மெத்தையில் படுத்திருந்தவர்கள். ஆகவே, சாதாரண மெத்தையில் கிடக்கும் நோயாளிக்கு இதைக் காட்டி இடைவெளியை நீட்ட முடியாது. மெத்தையைப் பார்க்காமல் இடைவெளியை முடிவு செய்யக் கூடாது என்பதுதான் இதிலிருந்து கிடைப்பது. இப்படி எழுதும்போது ஆதாரத்தின் எல்லையும் தெரிகிறது, மெத்தை பற்றிய அடுத்த பத்திக்கு வழியும் கிடைக்கிறது.

எழுதி முடித்ததும் மையக் கருத்தையும் ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியத்தையும் மட்டும் தனித்தாளில் எழுதிப் படித்துப் பாருங்கள். "படுக்கைப்புண்ணுக்கு நான்கு நிலைகள் உண்டு" என்று ஒரு பத்தி தொடங்கினால், அது மேலே சொன்ன வாதத்துக்கு எதையும் சேர்க்கவில்லை. எடுத்துவிடலாம். சில நேரம் பத்திகள் ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்தியிருக்கும், மையக் கருத்துதான் வேறு எதையோ சொல்லிக்கொண்டிருக்கும். அப்போது திருத்த வேண்டியது முன்னுரையை.