அமெரிக்க உணவகத்தில் கார்டு பில்: சீட்டில் ஒரு தொகை, கணக்கில் இன்னொரு தொகை

அமெரிக்காவில் உட்கார்ந்து சாப்பிடும் பல உணவகங்களில், பரிமாறுபவர் கார்டை எடுத்துப்போய் தேய்த்துவிட்டு இரண்டு சீட்டுகளோடு திரும்புவார். டிப்பும் மொத்தமும் எழுதிக் கையெழுத்திட வேண்டிய சீட்டு கடைக்கு, மற்றது உங்களுக்கு. நீங்கள் டிப் எழுதும் நேரத்தில் வங்கி ஏற்கெனவே ஒரு தொகைக்குச் சம்மதம் சொல்லிவிட்டது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

நியூயார்க் நகரில் ஒரு பில்லை எடுத்துக்கொள்வோம். சாப்பாடு 48.00 டாலர். நகரின் விற்பனை வரி 8.875%, அதாவது 4.26. பில் 52.26. கார்டைத் தேய்த்ததும் இந்த 52.26க்குத்தான் வங்கியிடம் அனுமதி கேட்கப்படுகிறது. இதுதான் ப்ரீ-ஆதரைசேஷன், பணம் இன்னும் போகவில்லை, ஒதுக்கி மட்டும் வைக்கப்பட்டிருக்கிறது. பிறகு நீங்கள் டிப் 9.00, மொத்தம் 61.26 என்று எழுதிவிட்டுக் கிளம்புகிறீர்கள். பரிமாறுபவர் அந்தச் சீட்டைப் பார்த்து, கடையின் பில் மெஷினில் 9.00 என்று டிப்பைச் சேர்க்கிறார். இதற்கு டிப் அட்ஜஸ்ட் என்று பெயர். கடை மூடும் நேரத்தில் அன்றைய கார்டு பில்கள் எல்லாம் ஒரே பேட்ச்சாக வங்கிக்குப் போகும்போது 61.26 என்ற தொகை போகிறது. வெள்ளிக்கிழமை இரவு சாப்பிட்டால், திங்களோ செவ்வாயோதான் அந்தத் தொகை கணக்கில் உறுதியாக ஏறும். அதுவரை ஆப்பில் தெரிவது 52.26தான்.

ஆகவே முதல் தவறு, பெண்டிங் என்று காட்டும் தொகையை இறுதித் தொகையாக எடுத்துக்கொள்வது. டிப் ஏறவில்லை என்று நினைத்து மறுநாள் கடைக்குப் போய் மறுபடி கொடுத்தவர்களும் உண்டு. இதற்கு நேரெதிரான பதற்றமும் உண்டு. சில கடைகளின் மெஷின், டிப்புக்கு இடம் விட்டு 20% கூட்டியே அனுமதி கேட்கும். அப்போது பெண்டிங்கில் 62.71 என்று தெரியும். நீங்கள் எழுதியது 61.26 ஆயிற்றே என்று மனம் பதறும். இரண்டு மூன்று வேலை நாளில் அது 61.26 ஆக இறங்கிவிடும். அதற்குள் வங்கியை அழைத்தாலும் பெரும்பாலும், தொகை உறுதியாகட்டும், பிறகு பேசலாம் என்றே பதில் வரும். ஒப்பிட வேண்டியது போஸ்டட் ஆன, அதாவது கணக்கில் உறுதியாக ஏறிவிட்ட தொகையை. அதை ஒப்பிட வேண்டியது நீங்கள் எழுதிய மொத்தத்தோடு.

அப்படி ஒப்பிட, எழுதிய மொத்தம் கையில் இருக்க வேண்டும். வாடிக்கையாளர் சீட்டில் அச்சாகியிருப்பது 52.26 மட்டும். டிப் எழுதும் இடம் அங்கே காலியாகத்தான் இருக்கும். அதை அப்படியே மடித்துப் பையில் போட்டால் பின்னால் எதற்கும் ஆகாது. கடைச் சீட்டில் எழுதியதையே உங்கள் சீட்டிலும் எழுதிக்கொள்ளுங்கள். அதைவிட நல்லது, கையெழுத்திட்ட கடைச் சீட்டை மேசையில் வைத்தே போனில் ஒரு படம் எடுப்பது. பத்து விநாடி வேலை. பின்னால் ஒரு தகராறு வந்தால் இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

எழுதும் விதத்தில்தான் பெரும்பாலான பிழைகள் பிறக்கின்றன. இரவு பதினொரு மணிக்கு, அடுக்காகக் குவிந்த சீட்டுகளைப் பார்த்து ஒருவர் எண்களைத் தட்டச்சு செய்கிறார் என்பதை நினைவில் வையுங்கள். 9.00 என்பதற்கு முன் ஒரு கீறல் விழுந்திருந்தால் அது 19.00 ஆகிவிடும்; கணக்கில் 71.26 ஏறும். அதனால் டாலர் குறியை ஒட்டியே எண்ணைத் தொடங்குங்கள், புள்ளியையும் இரண்டு இலக்கச் சென்ட்டையும் விடாதீர்கள். மொத்தத்தைக் கூட்டாமல் டிப்பை மட்டும் எழுதுவது இன்னொரு தவறு. எழுதிய மொத்தம்தான் எழுத்துப் பிழையைக் காட்டிக்கொடுக்கும். இரண்டும் பொருந்தாவிட்டால் எதை எடுப்பது என்பது தட்டச்சு செய்பவர் கையில் போய்விடுகிறது. டிப்பை ரொக்கமாக வைத்தாலும் டிப் எழுதும் இடத்தைக் காலியாக விடக் கூடாது. அங்கே கேஷ் என்று எழுதி, மொத்தத்தில் 52.26ஐத் திரும்ப எழுதுங்கள். காலி இடத்தில் யார் வேண்டுமானாலும் எழுதலாம்.

கையெழுத்திடும் முன் பில்லில் உள்ள விவரங்களையும் ஒருமுறை படியுங்கள். ஆறு பேரோ அதற்கு மேலோ சேர்ந்து போனால் பல கடைகள் 18% அல்லது 20% டிப்பை கிராச்சுவிட்டி என்ற பெயரில் தாமே சேர்த்துவிடும். அதைக் கவனிக்காமல் கீழே மறுபடி டிப் எழுதினால் இரண்டு முறை கொடுத்ததாகிறது. நீங்களே எழுதிக் கையெழுத்திட்டதால் வங்கியும் அதைத் தவறாகக் கருதாது.

உண்மையிலேயே தொகை மாறி ஏறிவிட்டால் முழு பில்லையும் எதிர்த்து வங்கியில் புகார் கொடுப்பது பெரிய தவறு. சாப்பிட்டது உண்மை, கையெழுத்தும் உண்மை. கடை அந்தச் சீட்டைக் காட்டினால் புகார் விழுந்துவிடும். முதலில் கடை மேலாளரை அழைத்து, தேதி, தொகை, கார்டின் கடைசி நான்கு இலக்கம் சொல்லிச் சீட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். அன்றிரவு பேட்ச் மூடும் முன் என்றால் அவர்களே தொகையைத் திருத்திவிட முடியும். மூடிய பிறகு வித்தியாசத்தை மட்டும் தனி ரீஃபண்டாகத்தான் அனுப்ப முடியும், 71.26 அப்படியே இருக்க, 10.00 வரவாகத் தனியே வரும். கடை மறுத்தால் அந்த 10.00க்கு மட்டும் வங்கியில் புகார் கொடுங்கள், படத்தையும் இணையுங்கள். கிரெடிட் கார்டுக்கு, பிழை தெரிந்த முதல் ஸ்டேட்மெண்ட் அனுப்பப்பட்டதிலிருந்து 60 நாளுக்குள் புகார் எழுத்தில் வங்கிக்குப் போய்ச் சேர வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் சொல்கிறது. போனில் சொன்னால் மட்டும் அந்த உரிமை காக்கப்படாது.

டெபிட் கார்டில் இதே வேலை கொஞ்சம் வலிக்கும், ஏனெனில் ஒதுக்கப்படுவது உங்கள் சொந்தப் பணம். சில நேரம் இறுதியாக வரும் 61.26ஐ, பழைய 52.26 ஒதுக்கீட்டோடு வங்கியின் கணினி பொருத்திப் பார்க்கத் தவறிவிடும். தொகை மாறியிருப்பதே அதற்கு ஒரு காரணம். அப்போது சில நாட்களுக்கு இரண்டும் சேர்ந்து 113.52 முடங்கிக் கிடக்கும். கணக்கில் 120 டாலர் மட்டும் வைத்திருக்கும் மாணவருக்கு அடுத்த நாள் போன் பில் போகாமல் திரும்பும். மாதக் கடைசியில் மேசை உணவகத்துக்கு கிரெடிட் கார்டு அல்லது ரொக்கம் பாதுகாப்பு. ப்ரீபெய்ட் கிஃப்ட் கார்டில் 55 டாலர் இருந்தால் இந்த 52.26 பில்லே மறுக்கப்படலாம், மெஷின் 62.71 கேட்டால்.

இந்திய கார்டோடு போகிறவர்களுக்கு இன்னொரு அடுக்கு சேர்கிறது. தேய்த்ததும் வரும் குறுஞ்செய்தி டிப் இல்லாத தொகைக்கு. ரூபாயாக மாற்றப்படுவதோ சில நாள் கழித்து, பேட்ச் போய்ச் சேர்ந்தபின் உள்ள விகிதத்தில், டிப்போடு. அதன்மேல் பல கார்டுகளில் 3.5% வரை அயல்நாணயக் கட்டணம், அந்தக் கட்டணத்துக்கு 18% ஜிஎஸ்டி. எனவே ரூபாயில் ஒப்பிட்டுப் பார்த்து டிப் கூட்டப்பட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். ஸ்டேட்மெண்ட்டில் அதே வரியில் டாலர் தொகை இருக்கும். அது 61.26 என்றால் கடை சரியாகத்தான் போட்டிருக்கிறது.