ப்ராஜெக்ட் அப்டேட் வீடியோவில் பச்சை நிறம் பொய் சொல்லும் இடங்கள்

ஆளுக்கொரு ஊரில் இருக்கும் டீமுக்கு அனுப்பும் அப்டேட் வீடியோவை ஒவ்வொருவரும் தனியாக, வேறு வேறு நேரத்தில் பார்க்கிறார்கள். சந்தேகம் வந்தால் உடனே கேட்க ஆள் இல்லை. அதனால் நேரடி மீட்டிங்கில் சமாளித்துவிடக்கூடிய குறைகள் இதில் அப்படியே தங்கிவிடும்.

முதல் தவறு, நிலையை வெறும் நிறத்தாலும் சதவீதத்தாலும் காட்டுவது. பணம் செலுத்தும் பக்கத்தைப் புதுப்பிக்கும் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்லைடில் பச்சைப் பட்டை, பக்கத்தில் 90%. கோடிங் முடிந்துவிட்டது என்பதால் அந்த எண். ஆனால் வங்கி தன் சோதனைத் தளத்தில் அனுமதி தந்தால்தான் மீதி 10% நகரும். அனுமதி இன்னும் வரவில்லை. அடுத்த வாரமும் அதே 90%, அதே பச்சை. அதற்கடுத்த வாரம் திடீரென்று சிவப்பு. பார்ப்பவர்களுக்கு அது அதிர்ச்சி, வேலை செய்பவர்களுக்கோ பழைய செய்தி.

அங்கே மஞ்சள் போட்டு, கீழே ஒரே வரி எழுதியிருக்க வேண்டும்: “வங்கி அனுமதிக்குக் காத்திருக்கிறோம், 14ஆம் தேதிக்குள் வராவிட்டால் வெளியீடு ஒரு வாரம் தள்ளும்.” எப்போது மஞ்சள், எப்போது சிவப்பு என்பதையும் முன்கூட்டியே டீமாக முடிவு செய்துகொள்ளுங்கள். இல்லையென்றால் தயங்குபவர் எல்லாவற்றையும் பச்சையாகவே காட்டுவார். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்களும் டீமில் இருக்கலாம். எனவே நிறத்தோடு ‘தாமதம்’, ‘சரி’ என்ற சொல்லும் இருக்கட்டும்.

ஸ்லைடில் உள்ள பத்தியை அப்படியே வாசிப்பதும் வேண்டாம். கண் வேகமாகப் படித்துவிடும், காது பின்தங்கும், இரண்டும் மனதில் நிற்காது. ஸ்லைடில் பட்டையும் நிலையைச் சொல்லும் அந்த ஒரு வரியும் போதும், விரிவான காரணத்தைக் குரல் சொல்லட்டும். அப்புறம், ரெக்கார்ட் செய்ததை ஒருமுறை போனில் ஓட்டிப் பாருங்கள். லேப்டாப்பில் தெளிவாக இருந்த பட்டியல் அங்கே எறும்பு வரிசையாகிவிடும்.

எனக்கு மிகவும் உறுத்துவது கடைசி ஸ்லைடுதான். “அடுத்து: சோதனையை முடிக்க வேண்டும், வடிவமைப்பை இறுதி செய்ய வேண்டும்.” யார் முடிக்க வேண்டும்? பெயர் இல்லாத வேலையை, வேறு யாரோ செய்வார்கள் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். ‘நாளை’, ‘இந்த வெள்ளி’ போன்ற சொற்களும் வேண்டாம். இரண்டு நாள் கழித்துப் பார்ப்பவருக்கு நாளை என்பது நேற்றாகியிருக்கும். ஒவ்வொரு வரியிலும் செய்பவரின் பெயர், முடிந்ததும் கையில் இருக்க வேண்டிய பொருள், தேதி, எந்த ஊர் நேரம் என்பது நான்கும் வேண்டும். யாராவது ஒரு முடிவு எடுத்தால்தான் வேலை நகரும் என்றால், அதைக் கடைசிவரை வைத்திருக்காமல் முதல் அரை நிமிடத்திலேயே அவர் பெயரைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள். பாதியில் நிறுத்திவிடுபவர் அவராகவே இருக்கலாம்.

அந்த ஸ்லைடு நிதானமாகப் படிக்கும் அளவுக்குத் திரையில் நிற்கட்டும். அதே வரிகளை வீடியோ இணைப்போடு எழுத்திலும் அனுப்புங்கள். ஒரு தேதியைச் சரிபார்க்க யாரும் முழு வீடியோவை மறுபடி ஓட்டமாட்டார்கள்.