பள்ளிக்கு வகுப்பறை மென்பொருள் முன்மொழிவு எழுதுவது எப்படி?

பள்ளிகளுக்கு மென்பொருள் விற்கும் தொழிலுக்குப் புதிதாக வருபவர்கள் முன்மொழிவின் முதல் பத்துப் பக்கங்களை மென்பொருளின் சிறப்புகளால் நிரப்பிவிடுகிறார்கள். தாளாளர் விலைப் பக்கத்தையும், முதல்வர் பாடவேளை எங்கிருந்து கிடைக்கும் என்பதையும்தான் முதலில் தேடுகிறார்கள். இந்த இரண்டுக்கும் விடை பள்ளிக்குள்தான் இருக்கிறது. தமிழ்நாட்டு மெட்ரிக் பள்ளி ஒன்றை எடுத்துக்காட்டாக வைத்து, கணித வாரத்தேர்வு மென்பொருளுக்கு முன்மொழிவு எழுதும் முறையைப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் அமைத்தவை.

படி 1: எழுதும் முன் எண்ணிப் பாருங்கள்

ஆறு முதல் பத்து வரை ஒவ்வொரு வகுப்பிலும் மூன்று பிரிவுகள், பிரிவுக்கு 40 பேர். ஆக 15 பிரிவுகள், 600 மாணவர்கள். கணினி ஆய்வகத்தில் 25 கணினிகள் இருப்பதாகப் பதிவேடு சொல்லும். நீங்களே ஒவ்வொன்றாக இயக்கிப் பாருங்கள். 20 மட்டும் ஒழுங்காக ஓடலாம். பிறகு ஆய்வகத்தின் கால அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். வாரத்துக்கு 40 பாடவேளைகளில் 28 ஏற்கெனவே நிரம்பியிருந்தால், உங்களுக்குக் கிடைப்பவை 12. பதினைந்து பிரிவுகளுக்கும் வாரம் ஒரு தேர்வு என்று எழுதினால், அதை நடத்த முடியாது என்பதை முதல்வர் ஒரே பார்வையில் கண்டுகொள்வார்.

நாற்பது பேருக்கு இருபது கணினிகள் என்பதற்கும் வழி உண்டு. பாதிப் பேர் இருபது நிமிடம் கணினியில் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வினாக்களைச் செய்யட்டும். மீதிப் பேர் அதே நேரத்தில் படிநிலை காட்டும் கணக்குகளைத் தாளில் எழுதட்டும். பிறகு இடம் மாறிக்கொள்ளட்டும். நாற்பது நிமிடப் பாடவேளைக்குள் தேர்வை முடிக்க வேண்டுமானால், இடம் மாறும் நேரத்தையும் கணக்கில் கொண்டு வினாக்களைச் சற்றுக் குறையுங்கள். இந்த ஏற்பாட்டை முன்மொழிவில் அப்படியே விவரித்து எழுதுங்கள்.

படி 2: எதிர்பார்க்கும் பயனை அளக்கக்கூடியதாக எழுதுங்கள்

“மதிப்பெண் 20 சதவீதம் உயரும்” என்று எழுதாதீர்கள். மதிப்பெண்ணை ஆசிரியரும் வினாத்தாளும் வீட்டுச் சூழலும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. உங்கள் மென்பொருளின் பங்கைப் பிரித்துக் காட்ட முடியாது. திருத்தும் நேரத்தை அளக்கலாம். எட்டாம் வகுப்பின் மூன்று பிரிவுகளுக்கும் ஒரே கணித ஆசிரியர் என்றால், அவர் வாரந்தோறும் 120 விடைத்தாள்கள் திருத்துகிறார். தாளுக்கு மூன்று நிமிடம் எனில் ஆறு மணி நேரம். தேர்ந்தெடுக்கும் வினாக்களை மென்பொருள் திருத்திவிட்டால், படிநிலைக் கணக்குகளுக்குத் தாளுக்கு இரண்டு நிமிடம், அதாவது நான்கு மணி நேரம் ஆகும். மென்பொருள் வருவதற்கு முன்பே இரண்டு வாரம் ஆசிரியரைக் கடிகாரம் பார்த்துக் குறித்துவைக்கச் சொல்லுங்கள். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால், ஆண்டிறுதியில் நேரம் மிச்சமானதா என்பதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

படி 3: விலையை மூன்று வகையாகக் கொடுங்கள், வரியோடு சேர்த்து

என் தொடக்க நாட்களில், “வரி தனி” என்று அடியில் சிறிய எழுத்தில் போட்டு ஒரு பள்ளிக்குக் கொடுத்தேன். நிர்வாகக் குழு ஒப்புதல் தந்த தொகைக்கும் வரி சேர்த்து வந்த தொகைக்கும் பொருந்தாததால், எல்லாம் பேசி முடித்த பிறகும் வேலை உத்தரவு வரவில்லை. மென்பொருளுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு, பள்ளிக் கல்விச் சேவை வரிவிலக்குப் பெற்றது என்பதால், கட்டிய வரியைப் பள்ளி உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ள முடியாது. ஆகவே வரி முழுவதும் பள்ளிக்குச் செலவுதான்.

எட்டாம் வகுப்பு மட்டும், ஓராண்டு: 120 பேர், ஆளுக்கு ரூ.350, வரியுடன் ரூ.49,560.
ஐந்து வகுப்புகளும், ஓராண்டு: 600 பேர், ஆளுக்கு ரூ.300, வரியுடன் ரூ.2,12,400.
ஐந்து வகுப்புகளும், மூன்றாண்டு ஒப்பந்தம்: ஆளுக்கு ரூ.255, வரியுடன் ஆண்டுக்கு ரூ.1,80,540.

மூன்றில் எதைப் பரிந்துரைக்கிறீர்கள் என்பதையும் காரணத்தோடு எழுதுங்கள். நான் இந்தப் பள்ளிக்கு முதல் வகையைத்தான் பரிந்துரைப்பேன். அதற்கு வாரம் மூன்று பாடவேளைகள் போதும். பெரிய தொகை வேண்டும் என்பதற்காக இரண்டாவதைப் பள்ளியின் தலையில் கட்டிவிட்டால், ஆய்வகத்தில் இடமில்லாமல் பயன்பாடு நின்றுபோகும். அடுத்த ஆண்டு புதுப்பிக்க மாட்டார்கள். ஐந்து வகுப்புகளும் வேண்டும் என்று பள்ளியே கேட்டால், ஆறு, ஏழாம் வகுப்புகளுக்கு இரு வாரத்துக்கு ஒருமுறை தேர்வு என்று வைத்து, 12 பாடவேளைக்குள் அடக்கிக் காட்டலாம்.

பெற்றோரிடம் கூடுதலாக வசூலித்துக்கொள்ளலாம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். தனியார் பள்ளிக் கட்டணத்தை 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு குழு நிர்ணயிக்கிறது. பள்ளி தன் விருப்பத்துக்கு ஏற்ற முடியாது.

படி 4: நிபந்தனைப் பக்கம்

2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டோரைக் குழந்தைகளாகவே கருதுகிறது. எனவே மாணவர் பெயர், பிரிவு, மதிப்பெண் தவிர வேறென்ன சேமிக்கிறீர்கள், பெற்றோர் ஒப்புதலை யார் பெறுவது, ஒப்பந்தம் முடிந்ததும் எத்தனை நாளில் அழிப்பீர்கள் என்பவற்றைத் தெளிவாக எழுதுங்கள். ஆசிரியர் பயிற்சி எத்தனை நாள், பழுது என்றால் யாரை அழைப்பது, விலை எந்தத் தேதி வரை செல்லும் என்பவையும் இங்கேயே வரட்டும். ஜூனில் பள்ளி திறப்பதால் முன்மொழிவை ஜனவரி, பிப்ரவரிக்குள் கொடுத்துவிடுங்கள். காலாண்டுத் தேர்வு முடிந்த வாரத்தில், ஆசிரியர் குறித்துவைத்த நேரக் கணக்கை முதல்வரோடு உட்கார்ந்து பார்ப்பதற்கான தேதியையும் அதிலேயே குறிப்பிடுங்கள்.