ஆண்டு முடிவில் விளம்பரக் கணக்கை நிர்வாகத்திடம் காட்டுவது: ஆறு ஸ்லைடு போதும்

மார்க்கெட்டிங் பொறுப்புக்கு வந்த முதல் ஆண்டு முடிவில் நான் போட்ட பிரசன்டேஷனில் முப்பதுக்கும் மேற்பட்ட ஸ்லைடுகள் இருந்தன. மூன்றாவது ஸ்லைடிலேயே நிதித் தலைவர் நிறுத்திவிட்டார். "கூகுள் இத்தனை பேரைக் கொண்டுவந்தது, மெட்டா இத்தனை பேர் என்கிறீர்கள். ரெண்டையும் கூட்டினால் இந்த வருஷம் நம்மிடம் வந்த மொத்தப் பேரைவிட அதிகமாக வருதே?" என்றார். என்னிடம் பதில் இல்லை. மீதி ஸ்லைடுகளை யாரும் நம்பவில்லை என்பது முகங்களிலேயே தெரிந்தது.

அதற்குப் பிறகு நான் கடைப்பிடிக்கும் வரிசை இது. கட்டண விளம்பரத்துக்கு மட்டுமானது. எண்கள் எல்லாம் விளக்குவதற்காக வைத்துக்கொண்டவை: ஆண்டுச் சந்தாவில் மென்பொருள் விற்கும் ஒரு நிறுவனம், கூகுளிலும் மெட்டாவிலும் மட்டும் விளம்பரம் செய்கிறது. போன ஆண்டு 40 லட்சம், இந்த ஆண்டு 60 லட்சம் செலவு.

படி 1: ஸ்லைடைத் தொடும் முன் நிதித்துறையிடம் போங்கள்

அவர்களிடம் நான்கு எண்கள் வாங்குங்கள். இந்த ஆண்டு வந்த புது வாடிக்கையாளர்கள் எத்தனை பேர், போன ஆண்டு எத்தனை பேர், ஒரு புது வாடிக்கையாளரால் முதல் ஆண்டிலும் இரண்டாம் ஆண்டிலும் தனித்தனியே சராசரியாகக் கிடைக்கும் லாபம், விளம்பரச் செலவைக் கழிக்கும் முன், எவ்வளவு. நடுவில் விட்டுப் போகிறவர்களையும் சேர்த்துத்தான் அந்தச் சராசரி இருக்க வேண்டும். நம் உதாரணத்தில் இந்த ஆண்டு 4,800 பேர், போன ஆண்டு 4,000 பேர். லாபம் முதல் ஆண்டில் 1,800, இரண்டாம் ஆண்டில் 1,200. இரண்டாம் ஆண்டு குறைவதற்குக் காரணம், எல்லோரும் புதுப்பிப்பதில்லை.

இந்த எண்களை விளம்பரத் தளத்தின் டேஷ்போர்டிலிருந்து எடுக்கக் கூடாது. கூட்டத்தில் உட்காரப் போகிற எல்லோரும் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட எண் கணக்குப் புத்தகத்தில் இருப்பது மட்டும்தான்.

படி 2: முதல் ஸ்லைடில் பதிலைச் சொல்லிவிடுங்கள்

தலைப்பே முழு வாக்கியமாக இருக்கட்டும். "2-ஆம் பகுதி: செயல்பாட்டுக் கண்ணோட்டம்" என்று போட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது. இப்படிப் போடலாம்: "20 லட்சம் கூடுதலாகச் செலவழித்தோம், 800 பேர் கூடுதலாக வந்தார்கள்; ஒவ்வொருவருக்கும் ஆன செலவு சராசரியைப்போல இரு மடங்கு." படிக்கிறவருக்கு உடனே கேள்வி எழும். எழட்டும், மீதி ஸ்லைடுகள் அதற்குத்தான். தலைப்புக்குக் கீழே செலவு, புது வாடிக்கையாளர், தலைக்குச் செலவு என்று மூன்று எண்கள், பக்கத்தில் போன ஆண்டின் எண்கள். வேறு எதுவும் வேண்டாம். இம்ப்ரெஷன், கிளிக் எல்லாம் பின்னிணைப்புக்குப் போகட்டும்.

படி 3: தளங்கள் சொல்வதையும் புத்தகம் சொல்வதையும் ஒட்டிக் காட்டுங்கள்

என்னை மாட்டிவிட்டது இந்த ஸ்லைடு இல்லாததுதான். கூகுள் 3,100 என்கிறது, மெட்டா 2,300 என்கிறது. கூட்டினால் 5,400. புத்தகத்திலோ மொத்தமே 4,800. யாரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் திங்கட்கிழமை மெட்டாவில் விளம்பரத்தைக் கிளிக் செய்கிறார், வெள்ளிக்கிழமை கூகுளில் தேடி வந்து வாங்குகிறார். இரண்டு தளமும் தன்னால்தான் வந்தார் என்று எழுதிக்கொள்கின்றன. ஒன்றின் கணக்கு மற்றதற்குத் தெரியாது. அதோடு, நீங்கள் மாற்றாமல் விட்டிருந்தால் மெட்டா கிளிக்குக்கு 7 நாளும் வெறுமனே பார்த்ததற்கு 1 நாளும் கணக்கில் எடுக்கும். கூகுள் ஆட்ஸ் கிளிக்குக்கு 30 நாள் எடுக்கும். ஆக இரண்டு தளமும் அளப்பதே வெவ்வேறு கோலால்.

5,400-லிருந்து படிப்படியாக இறங்கும் ஒரு பட்டை வரைபடம் போடுங்கள். சந்தாவைப் புதுப்பித்த பழைய வாடிக்கையாளர்களையும் தளங்கள் எண்ணியிருந்தன, அது 600. பணத்தைத் திருப்பி வாங்கியவர்கள் 300. இந்த இரண்டும் உங்கள் ஆர்டர் பட்டியலிலேயே கிடைக்கும். அடுத்தது இரட்டை எண்ணிக்கை. ஒருவர் விளம்பரத்தைக் கிளிக் செய்து வந்து சேரும் பக்கத்தின் இணைய முகவரியில் கூகுள் `gclid` என்றும் மெட்டா `fbclid` என்றும் ஒரு குறியை ஒட்டி அனுப்பும். அதை ஆர்டரோடு சேமித்து வைத்திருந்தால், இரண்டு குறியும் உள்ள ஆர்டர்களை எண்ணிவிடலாம். இங்கே 500. கழித்தால் 4,000.

ஆனால் குறைந்தது ஒரு குறியாவது உள்ள புது ஆர்டர்கள் 3,700 மட்டுமே. மீதி 300-க்கு நம்மிடம் தடயம் இல்லை. விளம்பரத்தைப் பார்த்துவிட்டுக் கிளிக் செய்யாமல் வந்தவர்களாக இருக்கலாம், குறி வழியில் உதிர்ந்திருக்கலாம், தளமே மதிப்பிட்டுப் போட்ட எண்ணாகவும் இருக்கலாம். ஸ்லைடில் "விளக்க முடியாதது: 300" என்றே எழுதுங்கள். அந்த ஒரு வரி இருந்தால் நிதித்துறை மற்ற எண்களை நம்பும். குறிகளைச் சேமிக்காத நிறுவனமாக இருந்தால் இரட்டை எண்ணிக்கையை ஊகித்து நிரப்பாதீர்கள். வித்தியாசத்தை ஒரே கட்டையாகக் காட்டிவிட்டு, சேமிக்கும் வேலையை ஜனவரிப் பட்டியலில் சேருங்கள்.

இன்னொரு சிக்கல், தேதி. கூகுள் ஆட்ஸ் விற்பனையைச் சாதாரணமாக கிளிக் நடந்த நாளின் கணக்கில் போடும். அதனால் டிசம்பர் நடுவில் எடுத்த அறிக்கையில் டிசம்பர் எப்போதும் நோஞ்சானாகத் தெரியும். இப்போது கிளிக் செய்தவர்கள் இனிமேல்தான் வாங்கப் போகிறார்கள். புத்தகத்தோடு ஒப்பிட `Conversions (by conv. time)` என்ற பத்தியை எடுங்கள், அது விற்பனை நடந்த நாளில் எண்ணும். எந்தத் தேதியில் எடுத்த எண் என்பதை ஒவ்வொரு ஸ்லைடின் அடியிலும் போடுங்கள்.

படி 4: உங்கள் பெயரைத் தேடி வந்தவர்களைத் தனியாகப் பிரியுங்கள்

கூகுளுக்கு 36 லட்சம், 3,100 பேர், தலைக்கு சுமார் 1,160. மெட்டாவுக்கு 24 லட்சம், 2,300 பேர், தலைக்கு சுமார் 1,040. கிட்டத்தட்ட சமம்போலத் தெரிகிறது. கூகுளைப் பிரித்துப் பாருங்கள். நிறுவனத்தின் பெயரையே தட்டித் தேடியவர்களுக்குக் காட்டிய விளம்பரத்துக்கு 6 லட்சம் போனது. அதில் 1,500 பேர், தலைக்கு 400. மற்ற தேடல்களுக்கு 30 லட்சம், 1,600 பேர், தலைக்கு 1,875. கூகுளின் அழகான சராசரிக்குக் காரணம், ஏற்கெனவே நம் பெயர் தெரிந்து தேடி வந்தவர்கள். விளம்பரம் இல்லாவிட்டாலும் அதற்குக் கீழே இருக்கும் இலவச இணைப்பைத் தட்டி அவர்களில் பலர் வந்திருப்பார்கள்.

இதை ஈபே 2012-இல் சோதித்துப் பார்த்தது. தன் பெயரைத் தேடுவோருக்கான விளம்பரங்களைச் சில தேடுபொறிகளில் நிறுத்தியது. இழந்த கிளிக்குகள் ஏறக்குறைய முழுவதும் இலவச இணைப்பு வழியாகத் திரும்பி வந்துவிட்டன. ஆனால் ஈபே ஊரறிந்த பெயர். உங்கள் பெயருக்குப் போட்டியாளர்கள் விளம்பரம் போடுகிறார்கள் என்றால் உங்கள் முடிவு வேறாக இருக்கலாம். அதனால் இந்த ஸ்லைடில் தீர்ப்பு சொல்லாமல், சில பகுதிகளில் மட்டும் நான்கு வாரம் நிறுத்திப் பார்க்கும் சோதனையை முன்வையுங்கள். பண்டிகை விற்பனைக் காலத்தில் அதைச் செய்யாதீர்கள், எதனால் எது மாறியது என்று தெரியாமல் போகும்.

படி 5: கடைசியாகச் செலவழித்த பணம் என்ன கொண்டுவந்தது?

இந்தப் பிரசன்டேஷனின் உயிர் இங்கேதான். ஷீட்டில் A பத்தியில் ஆண்டு, B-யில் செலவு, C-யில் புத்தகத்தில் உள்ள புது வாடிக்கையாளர் எண்ணிக்கை. இரண்டாவது வரிசை போன ஆண்டு, மூன்றாவது இந்த ஆண்டு.

```
=B3/C3
=(B3-B2)/(C3-C2)
```

முதல் வரி சராசரி: 60 லட்சம் வகுத்தல் 4,800, அதாவது 1,250. இரண்டாவது வரி கூடுதல் செலவின் கணக்கு: 20 லட்சம் வகுத்தல் 800, அதாவது 2,500. எந்தத் தளம் யாரைக் கொண்டுவந்தது என்ற சண்டையே இதில் வராது, ஏனென்றால் இரண்டு எண்ணுமே புத்தகத்தில் உள்ளவை.

சராசரியைப் பார்த்தால் 1,250 செலவழித்து முதல் ஆண்டிலேயே 1,800 சம்பாதிக்கிறோம். ஆனால் கடைசியாக வந்த 800 பேரில் ஒவ்வொருவருக்கும் 2,500 ஆகியிருக்கிறது. முதல் ஆண்டின் 1,800 போக 700 பாக்கி. இரண்டாம் ஆண்டில் மாதம் 100 வீதம் வந்தால் அது தீர ஏழு மாதம். மொத்தம் 19 மாதம் கழித்துத்தான் போட்ட பணம் திரும்புகிறது.

இந்தக் கணக்குக்கு ஒரு வரம்பு உண்டு. ஆண்டுக்குள் விலையைக் குறைத்திருந்தாலோ புது அம்சம் வந்திருந்தாலோ அந்த 800-இல் விளம்பரத்துக்குச் சம்பந்தமில்லாதவர்களும் இருப்பார்கள். அப்போது 2,500 என்பது உண்மையைவிடக் குறைவாகக் காட்டுகிறது. செலவு கூடியும் எண்ணிக்கை போன ஆண்டைவிடக் குறைந்திருந்தால் சூத்திரம் எதிர்மறை எண் தரும். அதை ஸ்லைடில் ஏற்றாமல் காரணத்தை வார்த்தையில் சொல்லுங்கள்.

படி 6: சரிவராதது ஒரு ஸ்லைடு, கேட்க வேண்டியது ஒரு ஸ்லைடு

சரிவராததற்கு ஒன்றோ இரண்டோ போதும்: என்ன செய்தோம், எவ்வளவு போனது, எப்போது நிறுத்தினோம். "எப்போது நிறுத்தினோம்" என்பதை விட்டுவிடாதீர்கள், அவர்கள் கேட்கப் போவது அதைத்தான்.

கடைசி ஸ்லைடில் பட்ஜெட் எண்ணை மட்டும் நீட்டினால் பேரம்தான் நடக்கும். அதற்குப் பதிலாக நிர்வாகம் மட்டுமே முடிவு செய்யக்கூடிய ஒரு கேள்வியை வையுங்கள்: போட்ட பணம் எத்தனை மாதத்தில் திரும்ப வேண்டும்? 12 மாதம் என்றால் கடைசியாக வரும் வாடிக்கையாளருக்கு 1,800-க்கு மேல் செலவழிக்கக் கூடாது. இந்த ஆண்டு அதைத் தாண்டிவிட்டோம், எனவே 60 லட்சத்தை 50 ஆகக் குறைக்கப் பரிந்துரைக்கிறோம். 24 மாதம் வரை பொறுக்கலாம் என்றால் வரம்பு 3,000. 60 லட்சம் அப்படியே இருக்கட்டும். ஒவ்வொரு காலாண்டு முடிவிலும் இரண்டாவது சூத்திரத்தை முந்தைய ஆண்டின் அதே காலாண்டோடு போட்டுப் பார்ப்போம், வரம்பைத் தாண்டினால் நாங்களே குறைப்போம் என்றும் எழுதிவிடுங்கள்.

கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பே, தளங்களின் எண்ணையும் புத்தகத்தின் எண்ணையும் ஒட்டிக் காட்டும் படி 3-இன் ஸ்லைடை மட்டும் நிதித் தலைவருக்கு அனுப்பிவிடுங்கள். எண் தவறு என்றால் அவர் அறைக்கு வெளியே வைத்துச் சொல்லிவிடுவார்.