குடத்துக்குள் பேசியது போலிருந்த குரல்

வேலூர்க் கோட்டையின் 1806 புரட்சியைப் பற்றிச் சத்துவாச்சாரியிலுள்ள வீட்டில் பேசிப் பதிவு செய்தேன். கேட்டால் குடத்துக்குள்ளிருந்து பேசுவது போல் இருந்தது. குரலுக்குக் கனம் வேண்டுமென்று தாழ்ந்த ஒலியைக் கூட்டியதுதான் தவறு. "திப்புவின் மகன்கள்" என்ற சொற்களே மங்கிப்போயின.

கூட்டியதை நீக்கிவிட்டு, தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழிருந்த மின்விசிறியின் உறுமலை வெட்டினேன். பிறகு ஒரு குறுகிய அதிர்வெண் பட்டையின் ஒலியை உயர்த்திப் பிடித்து, 200 முதல் 400 ஹெர்ட்ஸ் வரை மெல்ல நகர்த்தினேன். 280-இல் அந்தக் குடம் அகப்பட்டது. அங்கே 3 டெசிபல் குறைத்ததும் மெய்யெழுத்துகள் துலங்கின, கதகதப்பும் போகவில்லை. 6 குறைத்தபோது குரலே மெலிந்துவிட்டது.

அதன் பிறகே உரத்த ஒலியை அடக்கும் கம்ப்ரசர்: 2:1 விகிதம், உரத்த சொற்களில் மட்டும் 3 டெசிபல் இறக்கம். வாக்கிய இடைவெளியிலும் இறக்கத்தைக் காட்டும் முள் சுழியத்துக்குத் திரும்பாவிட்டால் அடக்கியது அளவு மிஞ்சிவிட்டது; மூச்சுச் சத்தம் எழும்பிக் கேட்கும்.